தொடர்படங்களிலிருந்து கிளிப்: மாற்றிய முகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்குவதை நிறுத்துவது எப்படி?

மதில்மேல்பூனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் குறும்படத்தில் கதாநாயகன் நான்கடி மதிலிலிருந்து குதித்து, நிமிர்ந்து, கேமராவை நோக்கி நடந்துவரும் ஒரு காட்சி உண்டு. அது கனவுக் காட்சி என்பதால், காணொளியாக எடுக்காமல் ஸ்டில் கேமராவில் பர்ஸ்ட் முறையில் எடுத்து, விட்டுவிட்டுத் துள்ளும் அசைவாகக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். படப்பிடிப்புக்கு முதல் நாள் நடிகருக்குக் கணுக்கால் பிசகிவிட்டதால், ஏறத்தாழ அதே உடற்கட்டுள்ள நண்பர் ஒருவர் டூப்பாகக் குதித்தார். டூப்பின் உடலில் நடிகரின் முகத்தைப் பொருத்துவதற்கு இருவரும் எழுத்துமூலமாக ஒப்புதல் தந்திருக்கிறார்கள்.

கையில் இருப்பவை 36 படங்கள். ஒவ்வொன்றும் 6000க்கு 4000 பிக்சல். கேமரா வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கக்கூடியது. மாலை நேரத்தில், தெருவிளக்கும் வாசல் விளக்கும் எரிந்த வெளிச்சத்தில், ஷட்டர் 1/125 என்று வைத்து எடுத்தோம். ஒயிட் பேலன்ஸ் உட்பட எல்லாவற்றையும் கையால் பூட்டிவைத்திருந்தோம். பைத்தானில் `insightface` தொகுப்பின் `inswapper_128` மாடலைக் கொண்டு ஒவ்வொரு படத்திலும் முகத்தை மாற்றினேன். முகம் மங்கலாக வந்ததால் கோட்ஃபார்மர் மூலம் தெளிவாக்கினேன். பிறகு இப்படிச் சேர்த்தேன்:

```
ffmpeg -framerate 12 -i f_%04d.png -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p out.mp4
```

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் நம்பும்படியாகவே இருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது மூன்று குறைகள் தெரிகின்றன. முகம் தலையில் ஒட்டாமல், தளர்வாகக் கட்டிய முகமூடியைப் போல நடுங்குகிறது. புருவமும் மூக்குத் துவாரமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறுகின்றன. மொத்தக் காட்சியும் லேசாக மினுக்குகிறது. இவற்றுள் எதை முதலில் சரிசெய்வது என்றே தெரியவில்லை.

---

வெட்டொட்டு எழுதியது:

இது எளிதாகத் தீரக்கூடியது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடத்தை மாடல் ஒவ்வொரு படத்திலும் புதிதாகக் கணிக்கிறது. முந்தைய படத்தில் அவை எங்கே இருந்தன என்பது அதற்கு நினைவில் இருக்காது. ஆகவே அந்தப் புள்ளிகளை முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃபிரேமோடு சேர்த்து, ஐந்து ஃபிரேம் சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கம் நின்றுவிடும். விளம்பரப் படங்களில் நான் இதைத்தான் செய்கிறேன். மினுக்கலுக்கு `ffmpeg`-இலேயே `deflicker` என்ற ஃபில்டர் இருக்கிறது. அதையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

நினைவில்லாமல் புதிதாகக் கணிக்கிறது என்று வெட்டொட்டு சொன்னது சரியே. ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன், நோய் எந்தப் படியில் நுழைகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. மூன்று கிளிப் செய்யுங்கள்: முகம் மாற்றாத மூலப் படங்களால் ஒன்று, முகம் மாற்றித் தெளிவாக்காத படங்களால் ஒன்று, தெளிவாக்கிய பிறகு ஒன்று. ஒவ்வொரு குறையும் எந்தக் கிளிப்பில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்று எழுதிவையுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஏதேனும் ஒரு படத்தை எடுத்து, அதையே வலப்பக்கம் 3 பிக்சல் நகர்த்திய பிரதி ஒன்றைச் செய்யுங்கள். இரண்டிலும் முகத்தை மாற்றுங்கள். இரண்டும் ஒரே படம் என்பதால் மாற்றிய முகமும் சரியாக 3 பிக்சல்தான் நகர வேண்டும். அதைவிடக் கூடவோ குறையவோ நகர்ந்தால், நடுக்கம் டூப்பின் அசைவிலிருந்து வரவில்லை, உங்கள் வழிமுறைக்குள்ளேயே பிறக்கிறது என்று பொருள்.

---

மணமேடை ஸ்டூடியோ எழுதியது:

எங்களுக்கும் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. குடும்பப் படம் எடுக்கும்போது பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்தாலும், யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார். கண் திறந்திருக்கும் படத்திலிருந்து அந்த முகத்தை எடுத்து ஒட்டினால் கழுத்தோரம் கோடு தெரிகிறது. போட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் போட்டுத்தான் சமாளிக்கிறோம். உங்களுக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

ஐயா, உங்களுடையது ஒரே ஆளின் முகத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து கொண்டுவந்து, ஒரே ஒரு நிலைப்படத்தில் ஒட்டும் வேலை. இங்கே கேட்கப்படுவது, வேறொருவரின் முகம் 36 படங்களிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பது. கையால் மாஸ்க் போட்டால் ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வேறு இடத்தில் விழும். ஓட்டும்போது அதுவே நடுக்கமாகத் தெரியும். குடும்பப் படத்துக்குத் தனி இழை தொடங்கினால் அங்கே வந்து எழுதுகிறேன்.

---

மதில்மேல்பூனை எழுதியது:

சோதித்துவிட்டேன். மினுக்கல் மூலப் படங்களின் கிளிப்பிலேயே இருக்கிறது; முகத்தில் கவனம் வைத்திருந்ததால் கண்ணில் படவில்லை போலும். முகமூடி போன்ற நடுக்கம் இரண்டாவது கிளிப்பில் தொடங்குகிறது. புருவமும் மூக்கும் வடிவம் மாறுவது மூன்றாவதில் மட்டுமே தெரிகிறது.

நகர்த்திப் பார்க்கும் சோதனையில் வியப்பான விடை வந்தது. 3 பிக்சல் நகர வேண்டிய முகத்தில் இடது கண்ணின் ஓரம் 7 பிக்சல் நகர்ந்தது. வாயோரம் ஏறக்குறைய நகரவே இல்லை. அதாவது முகம் நகர்ந்ததோடு நில்லாமல் லேசாகச் சுழன்றும் இருக்கிறது.

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

காரணம் அதிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் `det_size=(640, 640)` என்ற வழக்கமான அமைப்பைத்தான் வைத்திருப்பீர்கள். அப்படியானால் 6000 பிக்சல் அகலமுள்ள படம் முதலில் 640 பிக்சலுக்குச் சுருக்கப்படுகிறது. முகத்தைத் தேடும் வேலை அந்தச் சிறிய படத்தில்தான் நடக்கிறது. குதிக்கும் படங்களில் முகம் எவ்வளவு அகலம்? 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், தேடப்படும் படத்தில் அது 32 பிக்சல்தான் இருக்கும். இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் என்ற ஐந்து புள்ளிகளையும் அந்த 32 பிக்சலுக்குள்தான் அது குறிக்கிறது. அங்கே அரைப் பிக்சல் பிசகினால் உங்கள் படத்தில் அது ஏறக்குறைய 5 பிக்சலாகப் பெருகிவிடும். முகத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக, எந்தச் சாய்வில் ஒட்டுவது என்பதை அந்த ஐந்து புள்ளிகளே முடிவு செய்கின்றன. ஐந்தும் தனித்தனியாகப் பிசகுவதால்தான் முகம் சுழல்வதுபோலவும் சுருங்கி விரிவதுபோலவும் தோன்றுகிறது.

ஆகவே முதல் தேடலில் முகம் ஏறத்தாழ எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அதைச் சுற்றி முகத்தைப்போல மூன்று மடங்கு அகலமுள்ள சதுரத்தை மூலப் படத்திலிருந்து வெட்டி, அதற்குள் மறுபடி தேடச் சொல்லுங்கள்:

```python
x0 = max(0, int(cx - 1.5*w))
y0 = max(0, int(cy - 1.5*w))
s = int(3*w)
f = app.get(img[y0:y0+s, x0:x0+s])[0]
f.kps += np.array([x0, y0])
out = swapper.get(img, f, source, paste_back=True)
```

`cx`, `cy` என்பவை முதல் தேடலில் கிடைத்த முகத்தின் நடுப்புள்ளி. `w` அதன் அகலம். இப்போது 900 பிக்சல்தான் 640 ஆகச் சுருங்குகிறது. அதே அரைப் பிக்சல் பிசகு உங்கள் படத்தில் முக்கால் பிக்சலுக்கும் குறைவாகவே வரும். சதுரத்தை இன்னும் இறுக்கமாக வெட்டலாமே என்று தோன்றும், வேண்டாம். முகம் சட்டத்தை முழுவதும் அடைத்துக்கொண்டால் இந்தக் கண்டறிவான் முகத்தையே தவறவிடுவது உண்டு.

மூல முகத்தையும் கவனியுங்கள். நடிகரின் ஒரே படத்திலிருந்து அடையாளத்தை எடுப்பதைவிட, நான்கைந்து படங்களின் `embedding`களைச் சராசரி எடுத்து, அதை `source.embedding`-இல் வைத்துவிட்டு, 36 படங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் "பொருத்தமான" படத்தை மாற்றிமாற்றிக் கொடுத்தால் ஆளே மாறிக்கொண்டிருப்பார்.

---

வெட்டொட்டு எழுதியது:

வெட்டித் தேடுவது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதன் மேல் ஐந்து ஃபிரேம் சராசரியையும் போட்டால் இன்னும் மென்மையாகத்தானே இருக்கும்? கூடுதல் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளலாமே.

---

கோடாங்கி எழுதியது:

இந்தக் காட்சியில் அது பாதுகாப்பு ஆகாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விழும் பொருளின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர், படங்களுக்கு இடையே 0.1 வினாடி. சீரான வேகத்தில் போகும் பொருளுக்கு முன்னிரண்டு பின்னிரண்டு சேர்த்த சராசரி சரியான இடத்தையே தரும். வேகம் கூடிக்கொண்டே போனால் தராது. புவியீர்ப்பில் விழும் தலைக்கு ஐந்து படச் சராசரியின் பிழை, முடுக்கத்தை இடைவெளியின் இருமடியால் பெருக்கினால் வரும்: 9.8 பெருக்கல் 0.01, அதாவது சுமார் 10 சென்டிமீட்டர். முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். கால் தரையில் பட்டு உடல் திடீரென நிற்கும் ஃபிரேமில் பிழை இன்னும் கூடும். வினாடிக்கு 50 ஃபிரேம் எடுத்த காணொளியில் இடைவெளி 0.02 வினாடி என்பதால் அதே பிழை அரை சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். விளம்பரப் படங்களில் உங்களுக்கு அது கண்ணில் படாததில் வியப்பில்லை. பர்ஸ்ட் படங்களுக்கு அது ஒத்துவராது.

சராசரி எடுத்தே தீர வேண்டுமென்றால் முகத்தின் இடத்தை விட்டுவிட்டு, அளவை மட்டும் எடுங்கள். அடுத்தடுத்த மூன்று படங்களில் நடு மதிப்பைத் தேர்ந்தாலே போதும். தலை தாவலாம், ஆனால் பத்தில் ஒரு வினாடியில் பெரிதாகிச் சிறிதாகாது.

இப்போது மினுக்கலுக்கு வருகிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி விளக்கும் பழைய குழல் விளக்கும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி. 1/125 என்பது 8 மில்லி வினாடி. ஒரு முழுச் சுற்றும் அதற்குள் அடங்காது. ஷட்டர் திறக்கும் கணத்தைப் பொறுத்து ஒரு படத்தில் கூடுதல் வெளிச்சம், அடுத்ததில் குறைவு. கேமராவில் எதையுமே மாற்றாமல் இது நடக்கும். 1/100 வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. மீண்டும் எடுக்க நேர்ந்தால் நினைவில் வையுங்கள்.

எடுத்துவிட்ட படங்களுக்கு `deflicker` ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது முழு ஃபிரேமின் வெளிச்சத்தைப் பார்க்கிறது. உங்கள் டூப் கேமராவை நோக்கி வரவர அவருடைய சட்டை திரையை நிறைக்கும். சட்டை வெள்ளையாக இருந்தால் காட்சியே பிரகாசமாகிவிட்டது என்று அது எண்ணி வெளிச்சத்தைத் தவறாக மாற்றிவிடும். மதிலில் யாரும் குறுக்கே வராத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு படத்திலும் அதன் சராசரி வெளிச்சத்தை அளந்து, முதல் படத்தின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சமப்படுத்தினால் நிற மாற்றமும் அடங்கும். இதை முகம் மாற்றும் முன்பே செய்துவிட வேண்டும். இல்லையேல் மாற்றிய முகம் மினுக்கலையும் பிரதியெடுத்துக்கொள்ளும்.

---

மதில்மேல்பூனை எழுதியது:

சட்டை வெள்ளைதான்! மதில் துண்டை வைத்துச் சமப்படுத்தியபின் மினுக்கல் போய்விட்டது. வெட்டித் தேடும் முறையால் நடுக்கமும் மிகவும் குறைந்தது. நகர்த்தும் சோதனையில் இப்போது 3 பிக்சலுக்கு 3 அல்லது 4 என்றே வருகிறது.

ஆனால் புதிதாக ஒன்று. 27ஆம் படத்தில் நடிகரின் முகம் டூப்புக்குப் போகாமல், வாசலில் எட்டிப்பார்த்த சிறுவனுக்குப் போய்விட்டது. மீசையோடு அவனைப் பார்க்கப் படக்குழு முழுவதும் கூடிவிட்டது. அது இருக்கட்டும், ஏன் அந்த ஒரு படத்தில் மட்டும்?

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

`[0]` என்று நான் எழுதியதன் விளைவு அது. கண்டறிவானுக்கு எந்த முகத்தில் நம்பிக்கை அதிகமோ அது முதலில் வரும். 27இல் டூப் தலையைத் திருப்பியிருப்பார், சிறுவன் நேராகப் பார்த்திருப்பான். இடமிருந்து வலம் என்றோ, பெரிய முகம் என்றோ வரிசைப்படுத்துவதும் நம்பத் தக்கதல்ல. ஆட்கள் குறுக்கே கடந்தால் மாறிவிடும். மாற்றாத ஒரு படத்திலிருந்து டூப்பின் அடையாளத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் கிடைக்கும் முகங்களில் அதற்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். முதல் தேடலிலும் இரண்டாவதிலும் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து, கோட்ஃபார்மர். அது மங்கலான முகத்தைக் கூர்மையாக்குவது இருக்கும் விவரத்தை மீட்டு அல்ல. தான் கற்ற முகங்களிலிருந்து பொருத்தமான புருவத்தையும் மூக்கையும் தேர்ந்து வைக்கிறது. உள்ளே வரும் படம் இம்மியளவு மாறினாலும் அது வேறு புருவத்தைத் தேர்ந்துவிடலாம். `-w` மதிப்பை 1 பக்கம் நகர்த்தினால் உள்ளே வந்த முகத்தோடு ஒட்டி நிற்கும். 0 பக்கம் போகப்போக அழகாகவும் அந்நியமாகவும் ஆகும்.

ஆனால் உங்களுக்கு அது தேவைதானா என்றே கேட்கிறேன். இறுதிக் கிளிப் 1920 பிக்சல் அகலம்தானே? 6000 பிக்சல் படம் அதற்குச் சுருங்கும்போது 300 பிக்சல் முகம் 96 பிக்சல் ஆகிவிடும். `inswapper_128` தருவது 128க்கு 128 பிக்சல் முகத்துண்டு. குதிக்கும் காட்சிக்கு அது கிட்டத்தட்டப் போதும். முகம் மங்கலாகத் தெரிந்தது, முழு அளவுப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்ததால்தான். புள்ளிகளை முழு அளவுப் படத்தில் தேடுங்கள், அவற்றையும் படத்தையும் ஒருசேர 1920க்குச் சுருக்கியபின் முகத்தை மாற்றுங்கள், தெளிவாக்கியைத் தொடாதீர்கள்.

கடைசியில் அவர் கேமராவுக்கு அருகில் வரும் படங்களில் மட்டும் 128 போதாது. அங்கே தெளிவாக்கிய முகத்தையும் தெளிவாக்காத முகத்தையும் கலந்து வையுங்கள். ஒரே ஃபிரேமில் சட்டென்று தொடங்காமல், முகம் பெரிதாகப் பெரிதாகக் கலவையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பாதிக்கு மேல் போக வேண்டாம்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தக் குறும்படத்தைப் பரிசுத்தொகை உள்ள போட்டிக்கு அனுப்பப் போகிறீர்களா? `inswapper` உள்ளிட்ட அந்த மாடல்களை வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று வெளியிட்டவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். நிரல் எம்.ஐ.டி உரிமத்தில் இருப்பதால் மாடலும் அப்படியே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; இரண்டும் வேறு. டூப்பின் பெயர் எழுத்தோட்டத்தில் வருமா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் மறைந்தாலும் குதித்தவர் அவர்தானே.

---

மதில்மேல்பூனை எழுதியது:

டூப்பின் பெயரும், முகம் மாற்றப்பட்டது என்ற குறிப்பும் எழுத்தோட்டத்தில் உண்டு. உரிமம் பற்றி நான் எண்ணவில்லை. போட்டிகளுக்கு அனுப்புவதாகத்தான் திட்டம். வெளியிட்டவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன்; விடை வரும்வரை அனுப்புவதை நிறுத்திவைக்க இயக்குநரிடம் சொல்லியிருக்கிறேன்.

தெளிவாக்கியை எடுத்துவிட்டதும் புருவம் அடங்கிவிட்டது. மீதமிருப்பவை இரண்டு. காலூன்றுவதற்குச் சற்று முன்னால் வரும் 14, 15ஆம் படங்களில் உடல் கலங்கித் தெரிய, முகம் மட்டும் ஸ்டூடியோவில் எடுத்ததுபோலக் கூர்மையாக நிற்கிறது. அடுத்து, குதிப்பது சரியான வேகத்தில் இருக்க, நடந்து வருவது மட்டும் பழைய ஊமைப்படத்தைப் போல விரைந்து ஓடுகிறது.

---

கோடாங்கி எழுதியது:

முதலாவதற்கு: நான்கடி, அதாவது 1.2 மீட்டர் விழுந்தவரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர். ஷட்டர் திறந்திருந்த 8 மில்லி வினாடிக்குள் தலை கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 15 சென்டிமீட்டர் முகம் 96 பிக்சல் என்றால், கலங்கல் 25 பிக்சல். மாற்றிய முகத்துக்கு அதே திசையில் அதே நீளத்தில் கலங்கலைச் சேர்க்கலாம். ஆனால் நானாக இருந்தால் அந்த இரண்டு படங்களிலும் முகத்தை மாற்றவே மாட்டேன். முகத்தின் கால் பகுதி அளவுக்குக் கலங்கிய படத்தில் அது யார் என்று எவராலும் சொல்ல முடியாது. புள்ளிகளும் அங்கே சரியாகக் கிடைக்காது.

இரண்டாவதற்கு: கேமராவின் பஃபர் நிறைந்திருக்கும். அதன்பின் கார்டில் எழுதி முடித்தால்தான் அடுத்த படத்தை எடுக்கும், இடைவெளி நீளும். நீங்களோ எல்லாப் படத்துக்கும் ஒரே கால அளவு கொடுத்திருக்கிறீர்கள். படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள்:

```
exiftool -T -FileName -SubSecDateTimeOriginal *.JPG
```

---

மதில்மேல்பூனை எழுதியது:

அப்படியேதான். முதல் 22 படங்கள் 0.10 வினாடி இடைவெளியில் இருக்கின்றன. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 0.27 வினாடியை ஒட்டி வருகிறது. எனவே `-framerate` என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கால அளவு எழுதிய பட்டியலைக் கொடுத்தேன்:

```
file 'f_0022.png'
duration 0.10
file 'f_0023.png'
duration 0.27
```

கடைசிப் படத்தின் பெயரைப் பட்டியலில் இருமுறை எழுதாவிட்டால் அதன் கால அளவு கணக்கில் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். நடை இப்போது இயல்பான வேகத்தில் இருக்கிறது. ஆனால் மிகவும் வெட்டிவெட்டி நகர்கிறது. 14, 15ஆம் படங்களை டூப்பின் முகத்தோடே விட்டதை, சொல்லாமல் காட்டியபோது படக்குழுவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

---

வெட்டொட்டு எழுதியது:

அந்த நடைப் பகுதிக்கு இடைப்படங்களை உருவாக்குங்கள். ரைஃப் போன்ற மாடல்கள் இரு படங்களுக்கு நடுவில் உள்ள நிலையைக் கணித்து வரைந்து தருகின்றன. முகம் மாற்றும் முன்பே இடைப்படங்களை உருவாக்கிவிட்டு, பிறகு எல்லாவற்றிலும் முகத்தை மாற்றுங்கள். இடைப்படத்தில் முகம் சற்று உருக்குலைந்திருந்தாலும், மாற்றும்போது அதன்மேல் நல்ல முகம் வந்து மூடிவிடும்.

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. இடைப்படத்தின் உருக்குலைந்த முகத்தில் ஐந்து புள்ளிகள் எங்கே விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விரட்டியடித்த நடுக்கத்தை வாசல் திறந்து வரவேற்பதாகிவிடும். முகத்தை முதலில் மாற்றிவிட்டால், இடைப்படத்தில் இரு பக்கமும் உள்ள நல்ல முகங்களின் நடுநிலை கிடைக்கும். அது சற்று மென்மையாக இருக்கும், ஆனால் தாவாது. 0.27 வினாடி இடைவெளியில் நடப்பவரின் காலும் கையும் வெகுதூரம் போய்விடுகின்றன. எந்த வரிசையில் செய்தாலும் கை கரைந்து மறுபடி முளைப்பதைப் பார்ப்பீர்கள். கூகுள் வெளியிட்ட ஃபிலிம் என்ற மாடல் பெரிய அசைவுகளைக் கருதியே செய்யப்பட்டது, அதையும் முயலலாம். இயக்குநர் கேட்டது துள்ளும் அசைவு என்றால், கரையும் கையைவிட வெட்டி நகரும் நடையே மேல்.

---

வெட்டொட்டு எழுதியது:

கை கரைவது உண்மை. முகத்தைப் பொறுத்தவரை நான் சொன்ன வரிசையில் எனக்குக் கூர்மையான முடிவே கிடைத்திருக்கிறது. என் படங்களில் ஆள் நேராக நின்று பேசுபவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டூப் முகத்தைத் திருப்பாத நாலைந்து படங்களில் இரு வரிசையிலும் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

---

மதில்மேல்பூனை எழுதியது:

இரண்டையும் இயக்குநரிடம் காட்டினேன். கரையும் கையைப் பார்த்ததும் இடைப்படமே வேண்டாம் என்றுவிட்டார். எனவே வரிசை பற்றிய வழக்கை நீங்கள் இருவரும்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மீதமுள்ளது ஒரே சிக்கல். 25 முதல் 28 வரையுள்ள படங்களில் டூப் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். மாற்றிய முகத்தின் அடையாளத்தை நடிகரின் அடையாளத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் எடுத்தேன். மற்ற படங்களில் ஒரே மட்டத்தில் போகும் கோடு, இந்த நான்கில் சரிகிறது. 27இல் பாதிக்கும் கீழே போகிறது. கண்ணாலும் அது தெரிகிறது. அந்த நான்கிலும் அவர் நடிகரும் இல்லை, டூப்பும் இல்லை; இருவருக்கும் உறவினர்போல இருக்கிறார். பக்கவாட்டில் எடுத்த நடிகரின் படங்களை மூலச் சராசரியில் சேர்த்தால் சரியாகுமா?

---

ஒளிக்குறிப்பு எழுதியது:

பெரிய பயன் இருக்காது என்றே நினைக்கிறேன். அடையாளம் அங்கே பலவீனமாக இறங்குவதற்கு மூலப் படங்களின் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. முழுப் பக்கவாட்டில் ஒரு கண் மறைந்துவிடுகிறது. ஐந்து புள்ளிகளில் ஒன்றோ இரண்டோ ஊகமாகிவிடுகின்றன. மூக்கின் வெளிக்கோடு முகத்துண்டின் எல்லையைத் தாண்டிப் பின்னணியில் நீள்வதால் அது டூப்பின் மூக்காகவே நிற்கிறது. மதிப்பெண் கோட்டையும் அந்த இடத்தில் முழுமையாக நம்ப வேண்டாம். மாற்றாத உண்மைப் படங்களிலும் பக்கவாட்டு முகத்துக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும். நடிகரே பக்கவாட்டில் திரும்பியிருக்கும் படம் ஒன்றை அதே ஒப்பீட்டில் போட்டுப் பாருங்கள். அதற்கும் இதே அளவு சரிந்தால், உங்கள் 27ஆம் படத்தின் குறை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

---

கோடாங்கி எழுதியது:

நடிகரின் கணுக்கால் இதற்குள் குணமாகியிருக்குமே? அந்த நான்கு படங்களில் அவர் செய்ய வேண்டியது நின்று திரும்பிப் பார்ப்பது மட்டும். அதே மதில், அதே மாலை, அதே விளக்கு, ஷட்டர் 1/100.

---

மதில்மேல்பூனை எழுதியது:

நடக்கத் தொடங்கிவிட்டார், ஆனால் வேறொரு படத்துக்காக மீசையை எடுத்துவிட்டார். ஒளிக்குறிப்பு சொன்ன ஒப்பீட்டை முதலில் செய்துவிட்டு எழுதுகிறேன்.